புதிய சப்ளையரின் பிளாஸ்டிக் குருணைக்கு மாறுவதற்கு முன்: சான்றிதழ், பட்டறைச் சோதனை, ஆய்வகம், சோதனை ஓட்டம் – எதை எவ்வளவு நம்பலாம்?

மூலப்பொருளைக் குறைந்த விலைக்குத் தருவதாக ஒருவர் வருகிறார். இரண்டு கிலோ மாதிரியும் ஒரு சான்றிதழும் கொடுத்துவிட்டுப் போகிறார். மாதிரி நன்றாக இருக்கிறது. இனி என்ன செய்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சான்றிதழே போதும் என்கிறார் கொள்முதல் பார்ப்பவர். வெளி ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்கிறார் தரம் பார்ப்பவர். இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்கிறார் உற்பத்தி பார்ப்பவர். மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூவரும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள்.

எல்லா மூலப்பொருளுக்கும் பொதுவாகப் பேசினால் எதுவும் தெளிவாகாது என்பதால், ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். பாலிபுரொப்பிலீன் குருணையை உருக்கி, கீல் வைத்த மூடி செய்யும் பட்டறை அது. புட்டியின் மேல் திருகி, மேல்பகுதியை மட்டும் திறந்து மூடுவோமே, அந்த மூடிதான். அதில் கீல் தனி உறுப்பு அன்று. மூடியோடு ஒன்றாக வார்க்கப்படும் மெல்லிய இழை. மூலப்பொருளில் சிறு மாற்றம் வந்தாலும் முதலில் காட்டிக்கொடுப்பது அந்த இழைதான் என்பதால், இந்த ஒப்பீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பண்டம் கிடைக்காது.

## எந்த அளவுகோலால் பார்ப்பது?

ஒவ்வொரு சோதனை வழியையும் நான்கு கேள்விகளால் எடை போடலாம்.

முதலாவது, சோதிக்கப்படும் மாதிரி யாருடையது என்பது. விற்பவர் தேர்ந்தெடுத்து அனுப்பிய இரண்டு கிலோ, அந்த இரண்டு கிலோவைப் பற்றி மட்டுமே சாட்சி சொல்லும். வந்து இறங்கிய நாற்பது மூட்டைகளிலிருந்து நாமே எடுத்தது அந்த லாட்டை, அதாவது ஆலையில் ஒரே தொகுதியாகத் தயாரான சரக்கைப் பற்றிச் சொல்லும். அடுத்தடுத்த மூன்று லாட்டுகளிலிருந்து எடுத்ததுதான் சப்ளையரைப் பற்றிச் சொல்லத் தொடங்கும். நாம் மாறப்போவது ஒரு மாதிரிக்கு அல்ல, ஒரு சப்ளையருக்கு. இந்த வேறுபாட்டை மறப்பதுதான் நான் அதிகம் பார்த்த பிழை.

இரண்டாவது, அந்தச் சோதனையின் கண்ணுக்கு எந்தக் குறை தெரியும், எது தெரியாது என்பது. மூன்றாவது, விலைப்பட்டியலில் வராத செலவு: காத்திருக்கும் நாள்கள், நின்றுபோகும் இயந்திரம், வீணாகும் பொருள். நான்காவது, பின்னால் தகராறு வந்தால் அந்த முடிவை எதிர்த்தரப்பு ஏற்றுக்கொள்ளுமா என்பது.

நான்கு கேள்விகளுக்கும் முன்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. எந்தச் சோதனை செய்தாலும், இப்போது பயன்படுத்தும் பழைய குருணையையும் அதே நாளில், அதே கருவியில், அதே கையால் சோதிக்க வேண்டும். புதியதன் எண் 12.3 என்றால் அது நல்லதா கெட்டதா என்று அந்த எண் மட்டும் சொல்லாது. பழையது அன்று 11.8 காட்டியது என்றால்தான் 12.3-க்குப் பொருள் கிடைக்கிறது. கருவி பழுதாக இருந்தாலும் இரண்டையும் ஒரே அளவு தவறாகக் காட்டும் என்பதால், இடைவெளி ஓரளவு நம்பத்தக்கதாகவே இருக்கும்.

## முதல் வழி: சான்றிதழை நம்புதல்

பகுப்பாய்வுச் சான்றிதழ் என்ற பெயரில் இரண்டு வகைத் தாள்கள் வருகின்றன. ஒன்று, அந்த வகைக் குருணைக்குப் பொதுவாக எதிர்பார்க்கப்படும் மதிப்புகளை அச்சிட்ட விவரத்தாள். மற்றொன்று, குறிப்பிட்ட லாட்டிலிருந்து மாதிரி எடுத்து அளந்து எழுதிய உண்மையான சான்றிதழ். விவரத்தாளைச் சான்றிதழ் என்று நீட்டுவது வழக்கமாக நடப்பதுதான். அதில் லாட் எண்ணும் சோதித்த நாளும் இருக்காது என்பதால் அடையாளம் காண்பது எளிது.

உண்மையான சான்றிதழில் முதலில் பார்க்க வேண்டியது, லாட் எண் மூட்டையில் அச்சாகியிருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்பது. அடுத்தது சோதனை முறை. பாலிபுரொப்பிலீனுக்கு எம்.எஃப்.ஐ. என்று பட்டறைகளில் சொல்லப்படும் உருகு பாய்வு எண்தான் முதன்மையான எண். 230 டிகிரி செல்சியசில் உருகிய பொருளை 2.16 கிலோ எடையால் சிறு துளை வழியே தள்ளினால், பத்து நிமிடத்தில் எத்தனை கிராம் வெளிவருகிறது என்பதே அது. வெப்பமோ எடையோ வேறாக இருந்தால் எண்ணும் வேறாகும். ஆகவே அந்த இரண்டும் எழுதப்படாத எம்.எஃப்.ஐ. மதிப்பை ஒப்பிடவே முடியாது.

மூன்றாவதாக, முந்தைய சில லாட்டுகளின் சான்றிதழ்களையும் கேட்டு வாங்கி அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 12.1, 11.7, 12.4 என்று எண்கள் சற்றே ஆடினால் யாரோ உண்மையில் அளந்திருக்கிறார்கள். ஐந்து லாட்டுக்கும் 12.0 என்றே இருந்தால், அளந்ததைவிட நகல் எடுத்ததற்கே வாய்ப்பு அதிகம்.

இந்த வழியில் மறைந்திருக்கும் ஆபத்து, சான்றிதழுக்கும் மூட்டைக்கும் நடுவில் இருக்கும் தூரம். குருணையைத் தயாரித்த ஆலை நேர்மையாகச் சான்றிதழ் எழுதியிருக்கலாம். ஆனால் இடையில் ஒரு வணிகர் மூட்டையைப் பிரித்து வேறு பொருளைக் கலந்து மீண்டும் தைத்திருந்தால், தாள் ஆலையுடையது, பொருள் வேறொருவருடையது. ஆலைகள் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு உற்பத்தியை மாற்றும்போது இடையில் வெளிவரும் குருணை இரண்டிலும் சேராது. அது தரம் குறைந்ததென்று மலிவாக விற்கப்படும். அந்தச் சரக்கு நல்ல பெயரோடு சந்தையில் திரும்ப வருவதும் உண்டு.

சப்ளையர் ஆலையே நேரடியாக விற்பவராக இருந்து, மூட்டைகள் பிரிக்கப்படாமல் வந்து, செய்யும் பொருளும் கீலோ திருகோ இல்லாத சாதாரணப் பண்டமாக இருந்தால், சான்றிதழை மட்டும் நம்புவதில் பெரிய தவறில்லை. நம் மூடிக்கு அது போதாது.

## இரண்டாம் வழி: பட்டறையிலேயே சோதித்தல்

கருவி அதிகம் இல்லாத பட்டறையிலும் செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. அவற்றில் மிகவும் புகழ்பெற்றது, குருணையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது. மிதந்தால் சுத்தம், மூழ்கினால் கலப்படம் என்பது வழக்கு. இது பாதி உண்மை. மீதிப் பாதி ஆளை ஏமாற்றும்.

சுத்தமான பாலிபுரொப்பிலீனின் அடர்த்தி கனசென்டிமீட்டருக்கு 0.90 முதல் 0.91 கிராம். மலிவாக்குவதற்குச் சேர்க்கும் கால்சியம் கார்பனேட்டின் அடர்த்தி ஏறத்தாழ 2.7. எடையில் நூற்றுக்குப் பத்துப் பங்கு கார்பனேட் சேர்த்தால், கலவையின் அடர்த்தி 0.97 அளவில்தான் நிற்கும். அதாவது அது தண்ணீரில் நன்றாகவே மிதக்கும். ஏறத்தாழ 15 விழுக்காட்டைத் தாண்டிய பிறகுதான் மூழ்கத் தொடங்கும். கலப்படம் செய்பவருக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்வதே நல்லது.

இதைச் சரிசெய்ய எளிய வழி உண்டு. தண்ணீருக்குப் பதிலாக, எரிசாராயத்தைத் தண்ணீரில் கலந்து 0.93 அடர்த்தி வருமாறு ஒரு திரவம் தயாரிக்க வேண்டும். அளவிட அடர்த்திமானி ஒன்று போதும். இதில் சுத்தமான குருணை மிதக்கும். ஐந்து விழுக்காடு கார்பனேட் சேர்ந்ததே மெதுவாக இறங்கும். அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் கலந்திருந்தாலும் அந்தக் குருணைகள் தனியே கீழே போகும். குருணையில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் மூழ்க வேண்டியதும் மிதக்கும் என்பதால், நன்கு கிளறிவிட்டுச் சில நிமிடம் கழித்தே பார்க்க வேண்டும். எரிசாராயம் தீப்பிடிக்கும்; அருகில் அடுப்போ, இயந்திரத்தில் குருணை உருகும் குழாயான பேரலின் ஹீட்டரோ இருக்கக் கூடாது.

மூழ்கிய குருணையில் சாம்பல் சோதனை செய்யலாம். எடை போட்ட கிண்ணத்தில் ஐந்து கிராம் குருணையை எரித்து, உலையில் 600 டிகிரி அளவில் வைத்து, மிச்சத்தை எடை போடுவதுதான் முறை. சுத்தமான பாலிபுரொப்பிலீன் அநேகமாக எதையும் மிச்சம் வைக்காது. வெப்பத்தைத் தேவைக்கு மேல் ஏற்றக் கூடாது. 800 டிகிரியைத் தாண்டினால் கால்சியம் கார்பனேட்டே சிதைந்து, எடையில் 44 விழுக்காட்டை வாயுவாக விட்டுவிடும். பத்து பங்கு கலப்படம் ஐந்தரைப் பங்காகத் தெரியும். மிச்சமான வெள்ளைப் பொடியில் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டு, நுரைத்தால் கார்பனேட் என்றும், நுரைக்காவிட்டால் டால்க் போன்ற வேறொன்று என்றும் ஊகிக்கலாம்.

ஆனால் இவை எல்லாம் கனிமக் கலப்பைத்தான் பிடிக்கும். ஒருமுறை உருக்கிப் பயன்படுத்திய பாலிபுரொப்பிலீனையே திரும்பக் கலந்திருந்தால், அது மிதக்கும், சாம்பலும் வைக்காது. அதைப் பிடிக்க உதவுவது எம்.எஃப்.ஐ. கருவி. பாலிபுரொப்பிலீனை ஒவ்வொரு முறை உருக்கும்போதும் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து குட்டையாகின்றன, குட்டையான சங்கிலிகள் எளிதாகப் பாயும், எம்.எஃப்.ஐ. ஏறும். ஆகவே 12 என்று எழுதிய மூட்டை 16 காட்டினால், மறுசுழற்சிப் பொருள் இருக்கிறதோ என்று சந்தேகிக்கக் காரணம் இருக்கிறது. மலிவான மற்றொரு வகையைக் கலந்தாலும் இப்படி ஏறலாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த எண் குறையைக் காட்டும், காரணத்தைச் சொல்லாது.

### மூட்டைகளிலிருந்து எடுக்கும் முறை

எத்தனை மூட்டையிலிருந்து எடுப்பது என்பதற்கு வணிகத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு: மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடு ஒன்றைக் கூட்டிக்கொள்வது. 25 கிலோ மூட்டை நாற்பது வந்தால் ஏழு அல்லது எட்டு மூட்டை. இதற்குப் பின்னால் உறுதியான புள்ளியியல் அடிப்படை கிடையாது. ஆனாலும் ஒரு மூட்டை மட்டும் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல்.

அதைவிட முக்கியம், எடுத்தவற்றை ஒன்றாகக் கலக்காமல் இருப்பது. வேலை குறையும் என்று எட்டு மூட்டைக் குருணையையும் ஒரே வாளியில் கலந்து ஒருமுறை மட்டும் சோதிப்பவர்கள் உண்டு. சராசரிதான் கேள்வி என்றால் அது சரி. நம் கேள்வி, மூட்டைக்கு மூட்டை ஒரே மாதிரி இருக்கிறதா என்பது. கலந்த கணமே அந்தக் கேள்விக்கான விடை அழிந்துவிடுகிறது.

## மூன்றாம் வழி: வெளி ஆய்வகம்

பட்டறையில் பார்க்க முடியாத இரண்டு செய்திகளை ஆய்வகம் சொல்லும். ஒன்று, வெப்பப் பகுப்பாய்வில் தெரியும் உருகு புள்ளிகள். ஒற்றை வகைப் பாலிபுரொப்பிலீன் 160 டிகிரியைச் சற்றுத் தாண்டி உருகும்; அதில் பாலிஎத்திலீன் கலந்திருந்தால் 110-க்கும் 130-க்கும் இடையில் இன்னொரு சிறு முகடு வரும். இரண்டாவது, ஆக்சிஜனேற்றத் தாங்கு நேரம். குருணையில் சேர்க்கப்படும் பாதுகாப்புப் பொருள் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அது காட்டும். இது குறைவாக இருக்கும் குருணையில் செய்த மூடி இன்று அழகாக இருக்கும், சில மாதம் கழித்து நொறுங்கும். வேறு எந்த வழியிலும் இந்தக் குறை உடனே தெரியாது.

மறைந்திருக்கும் செலவு கட்டணத்தில் இல்லை, காத்திருப்பிலும் தவறான உறுதியிலும் இருக்கிறது. ஆய்வக அறிக்கையின் அடியில், இந்த முடிவு தரப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும் என்று ஒரு வரி இருக்கும். விற்பவர் கொடுத்த மாதிரியையே அனுப்பிவிட்டு, முத்திரை வைத்த அறிக்கை கையில் இருக்கிறது என்று நிம்மதி அடைவது, சான்றிதழை நம்புவதைவிட அதிகச் செலவில் அதே தவறைச் செய்வதாகும்.

அனுப்புவதானால் மூன்று பொட்டலங்களாக, பெயர் இல்லாமல், குறியீடு மட்டும் எழுதி அனுப்புவது என் வழக்கம். ஒன்றில் பழைய குருணை. மற்ற இரண்டிலும் ஒரே மூட்டையின் புதிய குருணை. ஒரே குருணைக்கு ஆய்வகம் இரண்டு குறியீட்டிலும் எவ்வளவு வேறுபட்ட எண்ணைத் தருகிறதோ, அதுதான் அந்த ஆய்வகத்தின் அளவீட்டு ஆட்டம். பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடு அதைவிடப் பெரிதாக இருந்தால் மட்டுமே அதைப் பொருட்படுத்துகிறேன்.

உணவோடும் மருந்தோடும் படும் பொருளாக இருந்தாலும், விற்பவரோடு வழக்குவரை போகக்கூடிய தகராறு எழுந்திருந்தாலும், இந்த வழிக்கு மாற்று இல்லை. அப்போது மாதிரியை இரு தரப்பும் சேர்ந்து எடுத்து, முத்திரை இட்டு, ஒரு பங்கை இருப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்.

## நான்காம் வழி: இயந்திரத்தில் சோதனை ஓட்டம்

ஓட்டிப் பார்ப்பதுதான் கடைசி நீதிபதி என்று உற்பத்திப் பிரிவினர் சொல்வதில் நியாயம் உண்டு. எல்லா எண்களும் ஒத்திருந்தும் மூடி சரியாக வராமல் போகலாம். ஒரு குருணையில் படிகமாதலை விரைவுபடுத்தும் சேர்க்கை இருந்து மற்றதில் இல்லாவிட்டால், எம்.எஃப்.ஐ. ஒன்றாக இருந்தும் சுருக்கம் வேறாகும். அச்சில் 28.83 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளையம் 1.5 விழுக்காடு சுருங்கினால் 28.40 ஆகும், 1.9 விழுக்காடு சுருங்கினால் 28.28 ஆகும். அனுமதி 28.40-க்கு 0.15 கூடவோ குறையவோ என்றால் இரண்டும் தேறும். ஆனால் இரண்டாவது, விளிம்பில் நிற்கிறது. அச்சு சற்றே சூடேறிய ஒரு பிற்பகலில் அது எல்லையைத் தாண்டிவிடும். சில நீல நிறமிகளும் இதே போலப் படிகமாதலைத் தூண்டிச் சுருக்கத்தை மாற்றும். அதனால் நிறமில்லாமல் ஒருமுறை, வழக்கமான நிறத்தோடு ஒருமுறை என இருமுறை ஓட்டுவது நல்லது. நிறமில்லாத மூடியில் கரும்புள்ளிகளும் மறைய இடமில்லை.

ஆனால் சோதனை ஓட்டம் எளிதாகக் கெட்டுப்போகும் ஒரு சோதனை. கெடும் இடங்கள் மூன்று.

முதலாவது, பேரலில் மிச்சம். பேரலில் 300 கிராம் பொருள் நிற்கிறது, அச்சை ஒருமுறை நிரப்பும் ஒரு ஷாட்டுக்கு 40 கிராம் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டே ஷாட்டில் பழையது போய்விடும் என்று கணக்குச் சொல்லும். நடைமுறையில் திருகின் ஓரங்களில் ஒட்டிய பழைய பொருள் சிறிது சிறிதாகத்தான் கழுவப்படும். பேரல் நான்கு முறை நிரம்பிக் காலியாகும் அளவு, அதாவது முப்பது ஷாட்டாவது கழித்த பிறகே எண்ணத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, இயக்குபவரின் கைத்திறமை. நல்ல இயக்குபவர், மூடி சற்றே குறையாக வந்ததும் அழுத்தத்தைக் கூட்டுவார், குளிரும் நேரத்தை ஒரு நொடி நீட்டுவார், மூடி சரியாகிவிடும். எல்லோரும் மகிழ்ச்சியோடு கலைவார்கள். எட்டு மூடி தரும் அச்சில் 14 நொடிச் சுற்று 15 நொடியானால், மணிக்கு 257 ஷாட் வந்த இடத்தில் 240 தான் வரும். உற்பத்தியில் ஏறத்தாழ ஏழு விழுக்காடு போய்விட்டது. குருணை விலையில் கிடைத்த லாபம் எங்கே போனது என்று ஆறு மாதம் கழித்துத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஆகவே, பழைய குருணையை ஓட்டி அழுத்தம், சுற்று நேரம், ஷாட் எடை மூன்றையும் எழுதிக்கொண்டு, அதே அமைப்பில் எதையும் தொடாமல் புதியதை ஓட்ட வேண்டும். திருத்தம் செய்வது அதற்குப் பிறகு. செய்த ஒவ்வொரு திருத்தமும் புதிய குருணையின் கணக்கில் செலவாக எழுதப்பட வேண்டும்.

மூன்றாவது, அவசரம். பாலிபுரொப்பிலீன் அச்சிலிருந்து வெளிவந்த பிறகும் சுருங்கிக்கொண்டிருக்கும். அளவை 48 மணி நேரம் கழித்துத்தான் எடுக்க வேண்டும். கீலைச் சோதிக்கவும் அதே காத்திருப்பு தேவை. மூடி சூடாக வெளிவந்ததும் கீலை ஓரிரு முறை மடக்குவது நம் உற்பத்தி முறையில் இருக்கிறதென்றால், சோதனை மூடிகளிலும் அதைத் தவறாமல் செய்ய வேண்டும். அந்த முதல் மடக்கில்தான் கீலின் மூலக்கூறுகள் மடிப்புக்குக் குறுக்கே நீண்டு வலுப்பெறுகின்றன.

எண்ணிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. ஐம்பது மூடியை மடக்கிப் பார்த்து ஒன்றுகூட உடையவில்லை என்றால், உடைவே இராது என்று பொருள் அல்ல. நூற்றுக்கு ஆறு வரை உடையும் சரக்கும், சற்று அரிதாக, இந்தச் சோதனையில் தப்பிவிடக்கூடும். நூற்றுக்கு ஒன்றுக்குக் கீழே என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல முந்நூறு மூடி மடக்கி, ஒன்றும் உடையாமல் இருக்க வேண்டும்.

## நான்கும் அருகருகே

| கேள்வி | சான்றிதழ் | பட்டறைச் சோதனை | வெளி ஆய்வகம் | சோதனை ஓட்டம் |
|---|---|---|---|---|
| எதற்குச் சாட்சி? | ஆலையில் எடுத்த மாதிரிக்கு | நாம் தொட்ட மூட்டைகளுக்கு | அனுப்பிய பொட்டலத்துக்கு | ஓட்டிய மூட்டைகளுக்கு |
| நன்றாகத் தெரிவது | வகை, அறிவித்த எண்கள் | கனிமக் கலப்பு, எம்.எஃப்.ஐ. மாற்றம் | பிற பிளாஸ்டிக் கலப்பு, பாதுகாப்புப் பொருள் குறைவு | சுருக்கம், கீல், சுற்று நேரம் |
| தெரியாதது | இடையில் நடந்த கலப்பு | குறைக்கான காரணம் | மூட்டைக்கு மூட்டை மாற்றம் | மாதம் கழித்து வரும் நொறுங்கல் |
| மறைந்த செலவு | நம்பிக்கை பொய்த்தால் முழுச் சரக்கும் | ஆள் நேரம், கருவி அளவுத்திருத்தம் | காத்திருப்பு | இயந்திர நேரம், கழிவு |
| தகராறில் எடுபடுமா? | லாட் எண் பொருந்தினால் | பெரும்பாலும் இல்லை | ஆம், மாதிரியைச் சேர்ந்து எடுத்திருந்தால் | நிழற்படமும் பதிவும் இருந்தால் ஓரளவு |

## ஒரு சரக்கு, ஐந்து மூட்டை

நான் உடனிருந்து பார்த்த ஒரு மாற்றத்தில், விற்பவரின் மாதிரி எம்.எஃப்.ஐ. 12.3 காட்டியது, பழைய குருணை அன்று 11.8. ஏற்றுக்கொள்ளும் எல்லை 10 முதல் 14 என்று பேசி வைத்திருந்தோம். சான்றிதழும் 12.1 என்றது. மாதிரியை ஓட்டியதில் ஐம்பது மூடியில் ஒரு கீலும் வெளுக்கவில்லை. அதோடு முடித்திருக்கலாம், கொள்முதல் பிரிவு அதைத்தான் விரும்பியது.

முழு மாற்றத்துக்குப் பதில் இருபது மூட்டை மட்டும் விலைக்கு வாங்கி, அவற்றில் ஐந்திலிருந்து தனித்தனியே எடுத்தோம். நான்கு மூட்டைகள் 12.4, 12.1, 12.6, 12.2 என்று வந்தன. ஐந்தாவது 16.8. கலந்து சோதித்திருந்தால் 13-ஐ ஒட்டி ஓர் எண் வந்து, எல்லைக்குள் இருக்கிறதென்று சரக்கு உள்ளே போயிருக்கும்.

முதலில் கருவியைத்தான் சந்தேகித்தோம். அதே மூட்டையிலிருந்து மீண்டும் இருமுறை எடுத்துச் சோதித்தோம்; இடையில் பழைய குருணையையும் ஒருமுறை ஓட்டினோம். பழையது 11.9 காட்டியது, ஐந்தாம் மூட்டை 16-ஐத் தாண்டியே நின்றது. சாம்பல் ஏதும் இல்லை, 0.93 திரவத்தில் மிதந்தது. ஆகவே கனிமம் அல்ல. அந்த மூட்டையைத் தனியாக ஓட்டியபோது பார்வைக்குக் குறையில்லாத மூடிகளே வந்தன. உண்மையில் மற்றவற்றைவிட எளிதாக அச்சு நிரம்பியதென்று இயக்குபவர் பாராட்டினார். 48 மணி நேரம் கழித்து மடக்கியதில் ஐம்பதில் நான்கு கீல் பிளந்தன, மேலும் சில வெள்ளைக்கோடு விட்டன. மற்ற நான்கு மூட்டைகளின் மூடிகளிலும் பழைய குருணையின் மூடிகளிலும் பிளவு ஒன்றும் இல்லை.

பிறகு மூட்டைகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான், ஐந்தாம் மூட்டையின் லாட் எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் வேறாக இருந்தது கண்ணில் பட்டது. எண்ணைப் படிப்பதற்கு ஒரு நிமிடம் போதும். சரக்கு இறங்கிய அன்றே அதைச் செய்திருந்தால் மூன்று நாள் வேலை மிச்சமாகியிருக்கும்.

## எப்போது எதைத் தேர்வது?

ஆலையிலிருந்து நேராக, பிரிக்கப்படாத மூட்டையில் வரும் அதே வகைக் குருணைக்கு, செய்யும் பொருள் எளியதாகவும் இருந்தால், சான்றிதழோடு லாட் எண் சரிபார்ப்பும் ஒரு மிதப்புச் சோதனையும் போதும். வணிகர் வழியாக வரும் சரக்குக்குப் பட்டறைச் சோதனையை மூட்டைவாரியாகச் செய்வதைத் தவிர்க்க முடியாது. அங்கே ஆய்வகத்துக்குக் கொடுக்கும் பணத்தைவிட எம்.எஃப்.ஐ. கருவிக்குக் கொடுக்கும் பணம் அதிகம் உழைக்கும். வெயிலிலோ சூட்டிலோ நெடுநாள் இருக்க வேண்டிய பொருளுக்கு, முதல் லாட்டிலாவது ஆக்சிஜனேற்றத் தாங்கு நேரத்தை ஆய்வகத்தில் பார்த்துவிட வேண்டும். ஓட்டிப் பார்த்ததில் நன்றாக வந்தது என்பது அதற்குப் பதிலாகாது. கீல், திருகு, பொருந்தும் வளையம் போன்றவை இருந்தால் சோதனை ஓட்டம் இல்லாமல் மாறவே கூடாது. ஆனால் அது பட்டறைச் சோதனைக்குப் பின்னால் வர வேண்டும், முன்னால் அல்ல. எந்த மூட்டை எதுவென்று தெரியாமல் ஓட்டினால், நல்ல மூட்டையை ஓட்டிவிட்டு எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பே அதிகம்.

இந்த வரிசையில் ஒரு விலக்கு உண்டு. பழைய சப்ளையர் திடீரென்று நிறுத்திவிட்டு, கையிருப்பு நான்கைந்து நாளுக்குத்தான் வரும் என்றால், ஆய்வகத்துக்கு நேரமிருக்காது. அப்போது மூட்டைவாரி எம்.எஃப்.ஐ. பார்த்து, ஒத்துப்போகும் மூட்டைகளை மட்டும் ஓட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் அரைக் கிலோ இருப்பு மாதிரியும் அதில் செய்த சில மூடிகளும் லாட் எண்ணோடு எடுத்து வைப்பதுதான் செய்யக்கூடியது. பின்னால் புகார் வந்தால் எங்கே தேடுவதென்றாவது தெரியும்.

மேலே சொன்ன மாற்றத்தில், ஐந்தாம் மூட்டையும் அதே லாட் எண் கொண்ட மற்ற இரண்டும் திருப்பி அனுப்பப்பட்டன. கிடங்கில் இரண்டு லாட்டுகள் கலந்துவிட்டன என்றார் விற்பவர். அது உண்மையாகவே இருக்கலாம். ஒரு சரக்கில் ஒரே லாட், லாட்டுக்கொரு சான்றிதழ், எல்லை மீறினால் மூட்டையோடு திருப்பி எடுத்தல் என்ற மூன்றையும் கொள்முதல் ஆணையில் எழுதி வாங்கினோம். பழைய சப்ளையருக்கான ஆணையைப் பாதியாகக் குறைத்தோமே தவிர நிறுத்தவில்லை. அடுத்த மூன்று லாட்டுகளையும் மூட்டைவாரியாகப் பார்த்தோம். மூன்றாவதில் மிக அதிகமாக வந்த எண் 12.9. அதற்குப் பிறகுதான் ஒரு லாட்டில் சோதிக்கும் மூட்டைகளின் எண்ணிக்கையை எட்டிலிருந்து மூன்றாகக் குறைத்தோம்.